அளவியின் படத்தில் வாசிப்பு எடுப்பது: முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு கடிதம்

அன்பான தம்பி தங்கச்சிமாருக்கு,

போன கிழமை நீங்கள் செய்த நீர்க்கடினச் செய்முறையின் கொப்பிகளை எல்லாம் பார்த்து முடித்துவிட்டேன். நியமிப்பை நன்றாகவே செய்திருக்கிறீர்கள். நிறமாற்றத்தில் பெரும்பாலானோர் சரியான துளியில் நிறுத்தியிருக்கிறீர்கள். கோளாறு வந்தது அதற்குப் பிறகுதான். அளவியைப் போனில் படம் பிடித்து, பிறகு படத்தைப் பார்த்து வாசிப்பை எழுதிய இடத்தில் ஏறக்குறைய அரைவாசிப் பேருக்குப் பிழைத்திருக்கிறது.

படம் பிடிக்கச் சொன்னது நான்தான். ஒரு மேசையில் நாலு பேர் நின்று ஒரே அளவியைப் பார்க்கும்போது, எடுத்த வாசிப்பைப் பிறகு சரிபார்க்க ஒரு சாட்சி வேண்டும். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அளவிக்கு முன்னால் நிற்கும்போது கண்ணை மேலே கீழே நகர்த்திச் சரியான மட்டத்தைத் தேடலாம். படத்தில் அது முடியாது. கமெரா எந்த உயரத்தில் நின்றதோ அந்த உயரத்தின் வழு படத்துக்குள்ளேயே உறைந்துவிடும். ஆகவே படத்தை வாசிப்பதற்கு முன், அது வாசிக்கத் தகுந்த படம்தானா என்று பார்க்கத் தெரிய வேண்டும். அதைத்தான் இந்தக் கடிதத்தில் எழுதுகிறேன்.

ஒரு தங்கச்சியின் கொப்பியையே எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைச் சோடாப் போத்தலில் கொண்டுவந்திருந்தார். தண்ணீர் காய்ச்சும் கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு கட்டுகிறது என்று அம்மா சொல்வதால் அளந்து பார்க்க ஆசை. வன்னியில் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த எல்லோருக்கும் அந்தப் படிவைத் தெரியும். 50 மி.லீ. நீரை எடுத்து, pH 10 தாங்கற் கரைசல் சேர்த்து, எரியோகுரோம் பிளாக் டி காட்டி இட்டு, 0.01 மூலர் ஈடிடிஏ கரைசலால் நியமித்தார். வைன் சிவப்பு நீலமாக மாறியதும் நிறுத்தினார்.

இந்த அளவுகளில் கணக்குச் சுலபம். ஈடிடிஏ கரைசல் 1 மி.லீ. போனால், கல்சியம் காபனேற்றாகக் கணித்த கடினம் லீட்டருக்கு 20 மில்லிகிராம். 0.1 மி.லீ., அதாவது அளவியின் ஒரு சின்னப் பிரிவு, 2 மில்லிகிராம். இலங்கையின் குடிநீர் நியமமான SLS 614 மொத்தக் கடினத்துக்கு வைத்திருக்கும் மேல் எல்லை லீட்டருக்கு 250 மில்லிகிராம். அந்த எல்லை இந்தச் செய்முறையில் 12.50 மி.லீ.க்குச் சமம். தங்கச்சியின் தண்ணீர் அந்த எல்லையிலேயே வந்து நின்றது. அதனால்தான் அவரது கொப்பியை எடுத்தேன்.

முதலில்: எண்கள் எந்தப் பக்கம் கூடுகின்றன?

அவரது கொப்பியில் தொடக்க வாசிப்பு 0.80, இறுதி வாசிப்பு 14.70, கனவளவு 13.90 என்று இருந்தது. கடினம் 278. அதே மேசையில் அதே தண்ணீரைச் செய்த மற்றவர்களுக்கு 12.5ஐ ஒட்டி வந்திருந்தது. இறுதிப் படத்தை அனுப்பச் சொன்னேன். படத்தை மிக நெருக்கமாக வெட்டியிருந்தார். 14 என்ற ஒரேயொரு எண்தான் தெரிந்தது. பிறையுரு அந்தக் கோட்டுக்கு மேலே ஏழு பிரிவில் நின்றது. 14, அதற்கு மேலே ஏழு, ஆகவே 14.70.

அளவுச்சாடியில் இப்படி வாசித்தால் சரி. அளவியில் பூச்சியம் உச்சியில் இருக்கிறது, எண்கள் கீழ்நோக்கிக் கூடுகின்றன. எவ்வளவு வெளியே போனது என்பதைத்தான் அளவி சொல்கிறது, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதை அல்ல. 14க்கு மேலே நிற்கும் திரவம் இன்னும் 14ஐ எட்டவில்லை. எனவே 13இலிருந்து கீழே எண்ண வேண்டும்: 13.30. அளவியை நேரே பார்க்கும்போது 12, 13, 14 எல்லாம் கண்ணில் படுவதால் இந்தப் பிழை அதிகம் வராது. வெட்டிய படத்தில் ஒரு எண் மட்டும் தெரிந்தால், கை தானாக மேல்நோக்கி எண்ணத் தொடங்கிவிடும்.

எனவே படத்துக்குள் குறைந்தது இரண்டு எண்கள் வர வேண்டும், பிறையுருவுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. வாசிக்கும்போது மேலே இருக்கும் எண்ணை முதலில் கொப்பியில் எழுதிவிடுங்கள். «13» என்று எழுதிய பிறகு கை 14க்குப் போகாது. பிறகு அந்த எண்ணிலிருந்து கீழே இறங்கி, பிரிவுகளை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். இரண்டு எண்களுக்கும் இடையில் பத்துப் பிரிவுகள் இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். 50 மி.லீ. அளவியில் பத்துத்தான் இருக்கும், ஒரு பிரிவு 0.1 மி.லீ. இரண்டு கோடுகளுக்கு நடுவே பிறையுரு நின்றால், அந்த இடைவெளியை மனத்தால் பிரித்து இரண்டாம் தசமத்தை எழுதுங்கள். சரியாகக் கோட்டில் நின்றாலும் 13.30 என்று அந்தப் பூச்சியத்தோடு எழுத வேண்டும். 13.3 என்று எழுதினால் நீங்கள் இரண்டாம் தசமத்தைப் பார்க்கவேயில்லை என்று நான் எடுத்துக்கொள்வேன்.

கமெரா எங்கே நின்றது?

சரி, 14.70 திருந்திவிட்டது. இறுதி 13.30 என்று வைத்தால் கனவளவு 12.50, கடினம் சரியாக 250. எல்லையிலேயே நிற்கிறது. அந்த 0.80ஐயும் 13.30ஐயும் நம்பலாமா என்று பார்க்க, இரண்டு படங்களையும் திரையில் பெரிதாக்கினேன்.

இதை மெதுவாக வாசியுங்கள், கடிதத்தின் முக்கியமான பகுதி இதுதான். அளவியின் கோடுகள் கண்ணாடியின் வெளிப்புறத்தில், உங்களுக்கு முன்னால் இருக்கின்றன. பிறையுருவின் அடி குழாயின் நடுவில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் ஏறக்குறைய ஆறு ஏழு மில்லிமீற்றர் தூரம். கமெரா மேலே நின்றால், அதிலிருந்து பிறையுருவுக்குப் போகும் பார்வைக்கோடு சரிந்து இறங்கி, முன்பக்கக் கண்ணாடியைப் பிறையுருவை விட மேலே உள்ள இடத்தில் வெட்டும். மேலே என்றால் சிறிய எண். ஆகவே மேலிருந்து எடுத்த படம் குறைத்துக் காட்டும். கீழிருந்து எடுத்தால் கூட்டிக் காட்டும். பள்ளிக்கூடத்தில் இடமாறு தோற்றவழு என்று படித்தது இதைத்தான்.

எவ்வளவு வழு வரும்? போன் 30 செ.மீ. தூரத்தில், பிறையுருவை விட 5 செ.மீ. மேலே நிற்கிறது என்று வைப்போம். ஆறில் ஒரு பங்கு சரிவு. ஆறு ஏழு மில்லிமீற்றரில் ஆறில் ஒரு பங்கு, ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர். நமது அளவிகளில் ஒரு மில்லிமீற்றர் ஏறக்குறைய ஒரு பிரிவு. வெறும் 5 செ.மீ. பிசகினால் 0.1 மி.லீ. போய்விடுகிறது.

அந்த 5 செ.மீ. எப்படி வருகிறது தெரியுமா? உங்கள் போனைத் திருப்பிப் பாருங்கள். கமெராவின் வில்லை போனின் நடுவில் இல்லை, மேல் மூலையில் இருக்கிறது. நடுவிலிருந்து அது ஐந்து ஆறு செ.மீ. உயரத்தில் இருக்கும். நீங்கள் போனின் நடுவைப் பிறையுருவுக்கு நேராகப் பிடிக்கிறீர்கள். திரையில் பிறையுரு கீழே போய்விடுகிறது, போனைக் கொஞ்சம் சரித்து அதை நடுவுக்குக் கொண்டுவருகிறீர்கள். திரையில் எல்லாம் அழகாக இருக்கும். ஆனால் வில்லை மேலேதான் நிற்கிறது. போனைச் சரித்ததால் படம் நகரும், பார்வைக்கோடு நகராது. வில்லை எந்த உயரத்தில் நிற்கிறதோ அதுதான் கணக்கு.

இனி, எடுத்து முடித்த ஒரு படத்தில் கமெரா எங்கே நின்றது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? அளவியில் முழு மில்லிலீற்றர்க் கோடுகளைப் பாருங்கள். நல்ல அளவிகளில் அவை குழாயைச் சுற்றி வளையமாக ஓடும். கமெரா அந்த வளையத்தின் மட்டத்திலேயே நின்றிருந்தால், முன்பக்கக் கோடும் பின்பக்கக் கோடும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒரே நேர்கோடாகத் தெரியும். கமெரா மேலே நின்றிருந்தால் வளையம் விரிந்து முட்டை வடிவமாகும், முன்பக்கக் கோடு கீழேயும் பின்பக்கக் கோடு மேலேயும் தெரியும். கீழே நின்றிருந்தால் முன்பக்கக் கோடு மேலே போய்விடும். எண்கள் அச்சிட்ட பக்கம்தான் முன்பக்கம் என்பதால் குழப்பம் வராது. திரவம் இல்லாத பகுதியில், பிறையுருவுக்குச் சற்று மேலே இருக்கும் வளையத்தைப் பார்ப்பது நல்லது. திரவத்தின் ஊடாகப் பின்பக்கக் கோடு கொஞ்சம் இடம்மாறித் தெரியும்.

பிறையுரு குழாயின் நடுவில் இருப்பதால், முன்கோட்டுக்கும் பின்கோட்டுக்கும் இடையில் தெரியும் இடைவெளியின் ஏறக்குறைய அரைவாசிதான் உங்கள் வழு. வளையம் இரண்டு பிரிவு விரிந்திருந்தால் வாசிப்பில் ஒரு பிரிவு பிசகியிருக்கிறது.

தங்கச்சியின் தொடக்கப் படத்தில், பூச்சியத்துக்குரிய வளையத்தின் முன்பக்கக் கோடு மேலே போயிருந்தது, விரிவு ஏறக்குறைய இரண்டு பிரிவு. கீழிருந்து எடுத்த படம். வாங்கின் மேல் வைத்த தாங்கியில் அளவியின் உச்சி அவரது தலைக்கு மேலே நின்றிருக்கிறது. போனைக் கண்ணுக்கு முன்னால் பிடித்து மேல்நோக்கி எடுத்திருக்கிறார். 0.80 என்று தெரிந்தது உண்மையில் 0.70ஐ ஒட்டியது. இறுதிப் படத்தில் வளையம் ஒரே கோடாக இருந்தது. 13 மி.லீ. இறங்கினால் பிறையுரு ஏறக்குறைய 14 செ.மீ. கீழே வந்துவிடும், அது தற்செயலாக அவரது போனின் மட்டத்துக்கு வந்திருக்கிறது. எனவே 13.30 சரி. கனவளவு 12.60, கடினம் 252.

சிலரது நிலை இதைவிட மோசம். அவர்கள் தொடக்க வாசிப்பைக் கீழிருந்தும் இறுதி வாசிப்பை மேலிருந்தும் எடுத்திருக்கிறார்கள். தொடக்கம் கூடுகிறது, இறுதி குறைகிறது, கழிக்கும்போது இரண்டு வழுவும் சேர்ந்து கனவளவைக் குறைக்கின்றன. தங்கச்சியின் இறுதிப் படமும் மேலிருந்து எடுக்கப்பட்டிருந்தால் 13.20 என்று வாசித்திருப்பார். 0.80ஐக் கழித்தால் 12.40, கடினம் 248. 252 ஆக இருந்த தண்ணீர் எல்லைக்குள் வந்துவிடும். இரண்டு படமும் ஒரே பக்கமாக, ஒரே அளவு பிசகியிருந்தால் கழிக்கும்போது வழு பெரும்பாலும் நீங்கிவிடும். ஆனால் பிறையுரு இறங்குகிறது, நீங்கள் நிற்கும் இடம் மாறுவதில்லை. அதனால் வழு ஒரே பக்கமாக விழுவது அரிது.

படம் எடுக்கும்போது செய்ய வேண்டியவை

தொடக்க வாசிப்புக்கு முன், அளவியை நிரப்பிய புனலை எடுத்துவிடுங்கள். புனல் இருந்தால் ஒரு துளி பிறகு விழும், அதைப் படம் காட்டாது. நுனியில் காற்றுக்குமிழி இருக்கிறதா என்பதையும் கண்ணால் பார்த்துவிடுங்கள். திரவம் விட்டதும் அரை நிமிடம் பொறுங்கள், சுவரில் ஒட்டியது இறங்கட்டும்.

பிறகு ஒரு வெள்ளைத் தாளில் நேரான விளிம்புள்ள துண்டு ஒன்றை வெட்டி, பிறையுருவுக்குக் கொஞ்சம் மேலே அளவியைச் சுற்றிக் கட்டுங்கள். தாளின் இரண்டு முனையும் ஒன்றோடொன்று பொருந்தினால் மேல் விளிம்பு கிடையாக இருக்கும். நமது ஆய்வுகூடத்தில் சில அளவிகளில் மில்லிலீற்றர்க் கோடுகள் முழு வளையமாக இல்லை, பாதியில் நின்றுவிடுகின்றன. அந்த அளவிகளில் இந்தத் தாள் வளையம்தான் உங்களுக்கு மட்டம் காட்டும். முழு வளையம் இருந்தால் தாள் வேண்டியதில்லை.

போனைக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். 30, 40 செ.மீ. தள்ளி நின்று, சூமில் இரண்டு மடங்கு பெரிதாக்குங்கள். தள்ளி நின்றால், உயரத்தில் அதே அளவு பிசகினாலும் சரிவு குறையும். கிட்டப் போகப் போக அதே பிசகு பெரிய வழுவாகிவிடும். போனின் நடுவை அல்ல, வில்லையைப் பிறையுருவின் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். தொடக்க வாசிப்புக்கு உயரம் போதாவிட்டால், தாங்கியின் பிடியைத் தளர்த்தி அளவியைக் கீழே இறக்குங்கள், அல்லது தாங்கியோடு சேர்த்து நிலத்தில் வையுங்கள். கதிரையில் ஏறி நிற்க வேண்டாம். அளவி நிலைக்குத்தாக இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் பாருங்கள். திரையில் கோட்டைத் தொட்டு அங்கே குவியப்படுத்துங்கள். இல்லாவிட்டால் பின்னால் இருக்கும் யன்னல் தெளிவாகவும் கோடுகள் மங்கலாகவும் வரும். முன்பக்கக் கமெராவை எடுக்காதீர்கள், சில போன்களில் எண்கள் திரும்பி விழும்.

எடுத்தவுடன், திரவத்தை விடுவதற்கு முன், படத்தைப் பெரிதாக்கி வளையத்தைப் பாருங்கள். விரிந்திருந்தால் மறுபடி எடுங்கள். திரவம் போன பிறகு அதைச் சரிசெய்ய வழியில்லை. அரைவாசி விரிவைக் கூட்டிக் கழித்துத் திருத்துவது எனக்குப் பிழையைக் கண்டுபிடிக்க உதவியது, ஆனால் உங்கள் கொப்பியில் வாசிப்பாக அதை எழுத வேண்டாம்.

பிறையுருவில் எதை வாசிப்பது?

படத்தில் பிறையுரு ஒரு கோடாக வராது. சுவரோடு ஏறி நிற்கும் மேல் விளிம்பு, நடுவில் தாழ்ந்த அடி, அதற்குக் கீழே வெளிச்சம் பட்டு வரும் ஒன்றிரண்டு வெள்ளைப் பட்டைகள் என்று மூன்று நான்கு வரிகள் தெரியும். ஈடிடிஏ போல நிறமற்ற கரைசலில் நாங்கள் வாசிப்பது அடியைத்தான். மேல் விளிம்பை எடுத்தால் ஒரு பிரிவுக்கும் மேலே பிசகிவிடும். வெள்ளைப் பட்டைகளில் எது அடி என்று தெரியாமல் போவதும் உண்டு. சென்ற வருடம் ஒரு தம்பி மிகத் தெளிவான ஒரு வெள்ளைக் கோட்டை வாசித்திருந்தார். அது பின்னால் இருந்த யன்னல் சட்டத்தின் தெறிப்பு.

கறுப்பு அட்டை ஒன்று இதைத் தீர்க்கும். கொப்பியின் அட்டையில் ஒரு துண்டைக் கறுப்பு மார்க்கரால் பாதிவரை தீட்டிக்கொண்டால் போதும். தீட்டிய பாதி கீழேயும் வெள்ளைப் பாதி மேலேயும் வருமாறு, அளவிக்குப் பின்னால் ஒட்டிப் பிடியுங்கள். கறுப்பின் மேல் விளிம்பு பிறையுருவின் அடிக்கு ஒன்றிரண்டு மில்லிமீற்றர் கீழே வர வேண்டும். அப்போது பிறையுருவின் அடி கறுப்பைத் தெறித்துக் கூர்மையான கருமையாகத் தெரியும், மேலே எல்லாம் வெள்ளை. அட்டையை மேலே தூக்கினால் அடி மறைந்துவிடும், மிகக் கீழே இறக்கினால் பட்டைகள் திரும்பி வந்துவிடும். திரையைப் பார்த்தபடி அட்டையை மெதுவாக நகர்த்தினால் அந்த இடம் பிடிபடும். ஒருவர் அட்டை பிடிக்க, மற்றவர் படம் எடுக்கலாம்.

வாசிப்பு, அடி எந்தக் கோட்டின் மேல் விளிம்பைத் தொடுகிறதோ அது. கோட்டுக்கும் தடிப்பு இருக்கிறது, பெரிதாக்கிய படத்தில் அது நன்றாகவே தெரியும். ஒருமுறை மேல் விளிம்பு, ஒருமுறை நடு என்று மாற்றாதீர்கள். இனி வரப்போகும் பொற்றாசியம் பரமங்கனேற்றுச் செய்முறையில் ஊதா நிறம் அடியை மறைத்துவிடும். அங்கே மட்டும் பிறையுருவின் மேல் விளிம்பை வாசிப்போம், தொடக்கத்திலும் இறுதியிலும் ஒரேமாதிரி.

படத்தை நண்பருக்கு அனுப்பும்போது சாதாரணப் படமாக அனுப்பினால் ஆப் அதைச் சுருக்கிவிடும், பெரிதாக்கினால் கோடுகள் கலங்கும். ஆவணமாக அனுப்புங்கள்.

தங்கச்சியிடம் வருவோம். திருத்தியபின் 252 வந்ததைக் கண்டு, «அப்போ எங்கள் கிணற்றுத் தண்ணீர் எல்லையைத் தாண்டிவிட்டதா?» என்று கேட்டார். அளவியின் உச்சியில் அச்சிட்டிருக்கும் எழுத்தைப் பார்க்கச் சொன்னேன். அவர் எடுத்தது B வகுப்பு அளவி. 50 மி.லீ. கொள்ளும் B வகுப்பு அளவியின் அனுமதிக்கப்பட்ட வழு 0.1 மி.லீ., அதாவது நமது கணக்கில் 2 மில்லிகிராம். A வகுப்பில் அது பாதி. அதோடு அந்தத் தொடக்க வாசிப்பு ஒரு பிசகிய படத்திலிருந்து மதிப்பிட்டது. இந்த ஒரு நியமிப்பை வைத்து 250க்கு மேலே என்றோ கீழே என்றோ சொல்ல முடியாது. போத்தலில் மிச்சத் தண்ணீர் இருக்கிறது. வருகிற புதன்கிழமை A வகுப்பு அளவி ஒன்றை எடுத்து வைக்கிறேன், மூன்று தடவை செய்து சராசரி எடுப்போம்.

மற்றவர்களும் அதற்கு முன் உங்கள் பழைய படங்களைத் திறந்து, ஒவ்வொரு வாசிப்புக்கும் பக்கத்தில் «மட்டம்», «மேலிருந்து», «கீழிருந்து» என்று மூன்றில் ஒன்றை எழுதிக்கொண்டு வாருங்கள். பழைய எண்ணை அழிக்க வேண்டாம். ஒரு கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் புதியதை எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆய்வுகூடப் போதனாசிரியர்